பணம் கேட்டு எழுதும் ஆங்கில மின்னஞ்சலைத் தமிழில் எழுதுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைமை அலுவலகம் டீலர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதும் பேமெண்ட் ரிமைண்டரைத் தமிழில் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

மொழிபெயர்ப்பில் இறங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆங்கில வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று உங்கள் சொந்தத் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். வாக்கியம் என்ன சொல்கிறது என்பதை விட, எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் அது எதைச் செய்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பிளம்பிங் பைப் தயாரிக்கும் ஒரு நிறுவனம். கரூரில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்கு மே 11 அன்று சரக்கு அனுப்பியிருக்கிறது. 30 நாள் கணக்கு, ஆகவே ஜூன் 10-க்குள் பணம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அலுவலகத்தில் இருந்து ஆங்கிலத்தில் ஒரு மெயில் தயாராகிறது. 'ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்று ஆரம்பம். 'ஐ ஜஸ்ட் வான்டட் டு ஃபாலோ அப்' என்று சொல்லி, பில் எண் 1147, தொகை ரூ.1,84,600, கடைசி நாள் ஜூன் 10 ஆகியவற்றைத் தெரிவிக்கிறது. பணம் இன்னும் செலுத்தப்படவில்லை போலத் தெரிகிறது என்கிறது. ஜூன் 25-க்குள் ஏற்பாடு செய்தால் 'வீ வுட் அப்ரிஷியேட் இட்' என்கிறது. கணக்கு பாக்கியில் இருக்கும்வரை புதிய ஆர்டரை எடுக்க முடியாது என்று அதே வாக்கியத்தின் வாலில் ஒட்டிவிடுகிறது. பிறகு 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்', ஏற்கெனவே கட்டியிருந்தால் 'கைண்ட்லி இக்னோர்', கடைசியில் 'ஃபீல் ஃப்ரீ டு ரீச் அவுட்', 'லுக்கிங் ஃபார்வர்ட்'.

இதைப் பிரித்துப் பார்த்தால் முதல் வரி வணக்கம் சொல்கிறது. 'ஜஸ்ட் வான்டட்' பணம் கேட்கிற கூச்சத்தைக் குறைக்கிறது. அடுத்தது தகவல். அதற்கடுத்தது வேண்டுகோள். ஆர்டர் பற்றிய வால்தான் மெயிலின் உண்மையான அழுத்தம். 'இக்னோர்' என்ற வரி, கடைக்காரர் முகம் சுளிக்காமல் இருப்பதற்கான ஒரு கதவு. இந்தக் குறிப்பு கையில் இருந்தால், சொல்லுக்குச் சொல் தேட வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும். வணக்கம் சொல்லும் வேலைக்குத் தமிழில் 'வணக்கம்' இருக்கிறது. 'இந்த மின்னஞ்சல் உங்களை நலமுடன் கண்டடையும் என நம்புகிறேன்' என்று எழுத யாரும் கேட்கவில்லை. 'நலம், நலமறிய ஆவல்' என்பதும் வேண்டாம். அது மாமாவுக்கு எழுதும் கடிதத்தின் வரி, பில் எண்ணோடு ஒட்டாது.

ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்', 'கைண்ட்லி' என்று நாலு இடத்தில் வருகிறது. நாலு 'தயவுசெய்து' போட்டிருக்கிறேன். அதிகமா?

அதிகம்தான். பெரும்பாலும் ஒன்றுகூடத் தேவைப்படாது.

ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' கதவுக் கீலுக்கு விடும் எண்ணெய் மாதிரி. அது இல்லாவிட்டால் வாக்கியம் வெறும் கட்டளையாகிவிடும், அதனால் எங்கும் வருகிறது. தமிழில் அந்த வேலையை வினைச்சொல்லின் முடிவு செய்துவிடுகிறது. 'அனுப்பு' என்பதற்கும் 'அனுப்புங்கள்' என்பதற்கும் உள்ள தூரத்தை ஆங்கில வினைச்சொல் காட்ட முடியாது, அதனால் அதற்கு 'ப்ளீஸ்' வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த 'ங்கள்' இருக்கிறது. அதற்கு மேல் 'தயவுசெய்து' சேர்த்தால் அது வேறொன்றைச் சொல்லத் தொடங்கும். ஒரு முறை வந்தால் கெஞ்சல். மூன்று முறை வந்தால் பொறுமை போய்விட்டது என்ற குரல். வரிசையில் இடித்துக்கொண்டு நிற்பவரிடம் 'தயவுசெய்து தள்ளி நிற்கிறீர்களா' என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் இருக்கும் எரிச்சலை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே 'தயவுசெய்து'வை எடுத்துவிட்டு வினை முடிவைக் கவனியுங்கள். பணிவின் அளவு அங்கேதான் கூடிக் குறைகிறது. 'செலுத்தவும்' என்பது அறிவிப்புப் பலகையின் குரல். 'காலணிகளை வெளியே விடவும்' என்று எழுதியவருக்கு யார் படிக்கிறார் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. படிவத்திலும் ரசீதிலும் 'செலுத்தவும்' சரி. பத்து வருடமாகச் சரக்கு எடுக்கும் ஒருவருக்கு எழுதும் மெயிலில், மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாவிட்டாலும், முகம் பார்க்காத தொனி வந்துவிடும். 'செலுத்துங்கள்' நேரில் பேசுவது போன்றது. சின்ன, சிரமமில்லாத காரியங்களுக்கு நன்றாக இருக்கும்: 'இந்த எண்ணில் அழையுங்கள்.' பணம் கேட்கும் இடத்தில் கொஞ்சம் வெட்டென்று விழும். 'செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்பது அலுவலக முறையான வேண்டுகோள், உறுதியானதும்கூட. 'செலுத்தினால் உதவியாக இருக்கும்' என்பது முடிவை அவர் கையில் விடுகிறது.

'வுட் அப்ரிஷியேட்' இருக்கும் முதல் நினைவூட்டலுக்கு இந்தக் கடைசி வடிவம் பொருந்தும். நாலு 'ப்ளீஸ்' செய்த வேலையை இந்த ஒரு வினை முடிவு செய்துவிடும்.

'வீ வுட் அப்ரிஷியேட்' என்பதை 'பாராட்டுவோம்' என்று எழுதலாமா? 'ஐ வான்டட் டு ஃபாலோ அப்' என்பதற்கு 'தொடர விரும்பினேன்'?

இரண்டும் வேண்டாம். இரண்டுமே அர்த்தத்தையே மாற்றிவிடும்.

தமிழில் பாராட்டு மேலிருந்து கீழே வருவது. ஆசிரியர் மாணவனைப் பாராட்டுவார், மேலாளர் ஊழியரைப் பாராட்டுவார். 'பணத்தைக் கட்டினால் பாராட்டுவோம்' என்று படிக்கும் கடைக்காரர், தன்னை முதுகில் தட்டிக்கொடுக்க இவர்கள் யார் என்றுதான் நினைப்பார். அங்கே ஆங்கிலம் சொல்ல வருவது நன்றி. 'உதவியாக இருக்கும்' அல்லது இன்னும் முறையாக 'நன்றியுடையவர்களாக இருப்போம்'.

'வான்டட்' விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ஆங்கிலத்தில் இறந்த காலத்தைப் பயன்படுத்துவது பணிவுக்கான ஒரு வழி. 'ஐ வான்ட்' என்றால் முகத்துக்கு நேரே நிற்பது, 'ஐ வான்டட்' என்றால் ஓர் அடி பின்னால் நிற்பது. காலத்தைத் தள்ளிவைத்து நெருக்குதலைத் தள்ளிவைக்கிறார்கள். தமிழில் இறந்த காலம் அந்த வேலையைச் செய்யாது. 'கேட்க விரும்பினேன்' என்றால், விரும்பினேன், ஆனால் கேட்கவில்லை என்றுதான் காதில் விழும். அடுத்து ஓர் 'ஆனால்' வரும் என்று படிப்பவர் காத்திருப்பார். 'பில் எண் 1147 குறித்து எழுதுகிறேன்' என்று நிகழ்காலத்திலேயே எழுதுங்கள். 'குறித்து' என்ற சொல்லே போதுமான இடைவெளியைத் தருகிறது. நேராகப் பணத்தில் பாயாமல் பில்லைச் சுட்டிவிட்டு நிற்கிறது.

'ஜஸ்ட்' என்பதற்குத் தமிழில் 'சும்மா' என்று தேடிப் போகாதீர்கள். அதன் வேலையும் இதே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

'நீங்கள் பணம் கட்டவில்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதக் கூடாது, அதே சமயம் 'பணம் செலுத்தப்படவில்லை' என்றால் அரசாணை மாதிரி இருக்கிறது. வழி என்ன?

'பணம் வந்து சேரவில்லை.'

இந்த மூன்று சொல்லில் தமிழின் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் குற்றம் சாட்டாமல் பேசச் செயப்பாட்டு வினையை நாடுவார்கள். 'பேமெண்ட் ஹாஸ் நாட் பீன் மேட்' என்றால் கட்ட வேண்டியவர் வாக்கியத்தில் இருந்து மறைந்துவிடுகிறார். நாம் அதை அப்படியே 'படு' சேர்த்து மொழிபெயர்க்கிறோம். 'செலுத்தப்படவில்லை', 'கவனிக்கப்பட்டுள்ளது', 'தெரிவிக்கப்படுகிறது' என்று வரிசையாக வந்தால் கடிதத்துக்கு முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடும்.

தமிழில் ஆளை மறைக்கப் 'படு' தேவையில்லை. நம் வினைகளில் பல இரட்டையாக இருக்கின்றன. ஒன்று ஆள் செய்வது, மற்றது தானாக நடப்பது. சேர்க்கவில்லை, சேரவில்லை. தவறவிட்டீர்கள், தவறியிருக்கலாம். விட்டுவிட்டீர்கள், விட்டுப்போயிருக்கிறது. தாமதப்படுத்துகிறீர்கள், தாமதமாகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவதாக இருக்கும் வடிவத்தில் யாரும் குற்றவாளி இல்லை. பணம்தான் வரவில்லை, கடைக்காரர் வரவிடாமல் செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில்கூட நாம் இப்படித்தான் பேசுகிறோம். விருந்தாளி கையில் இருந்து டம்ளர் விழுந்தால் 'உடைச்சிட்டீங்க' என்று சொல்வதில்லை, 'உடைஞ்சிடுச்சு, பரவாயில்ல' என்கிறோம். அந்த நாகரிகம் நம் மொழியிலேயே இருக்கிறது. அதை மெயிலுக்குள் கொண்டுவந்தால் போதும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயம், 'உங்கள்' என்ற சொல்லும் அடிக்கடி வேண்டும். தமிழுக்கு அது கட்டாயமில்லை. 'நீங்கள் உங்கள் பில்லுக்கான உங்கள் தொகையை' என்று எழுதும்போது ஒவ்வொரு 'உங்க'ளும் நீட்டின விரல் மாதிரி இருக்கும். மொழிபெயர்த்து முடித்ததும் 'நீங்கள்', 'உங்கள்' எல்லாவற்றையும் தேடி, எடுத்தாலும் பொருள் புரிகிற இடங்களில் எல்லாம் எடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் போய்விடும், வாக்கியமும் இளகும்.

'வீ' என்று வரும் இடத்தில் எல்லாம் 'நாங்கள்' என்று போட்டுவிடலாமா?

ஒவ்வொரு 'வீ'யிலும் நின்று, படிப்பவர் அதற்குள் இருக்கிறாரா என்று பாருங்கள். ஆங்கிலம் இதைச் சொல்லாமல் விட்டுவிடும். தமிழ் விடாது.

'வீ ஹாவ் நாட் ரிசீவ்ட்' என்பதில் கடைக்காரர் இல்லை, 'எங்களுக்கு வந்து சேரவில்லை'. பில் தொகையில் ஏதோ கணக்குத் தகராறு, 'வீ கேன் ரிசால்வ் திஸ் டுகெதர்' என்று அலுவலகம் எழுதுகிறது என்றால் அது 'பேசி நாம் சரிசெய்துகொள்ளலாம்'. இங்கே 'நாங்கள் சரிசெய்வோம்' என்று எழுதினால், அவரைக் கேட்காமல் முடிவெடுப்பதாக ஆகிவிடும். ஒரு சொல்தான் வித்தியாசம் போலத் தெரியும், உறவே மாறிவிடும்.

'நமது நிறுவனம்' என்ற வழக்கத்திலும் கவனம் வேண்டும். வாடிக்கையாளரை உள்ளே அழைக்கும்போது 'நம்ம கடை' என்பது அன்பு. தீபாவளி வாழ்த்து மெயிலில் 'நமது நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்குகொண்ட' என்றால் அழகு. பணம் கேட்கும் மெயிலில் 'நமது நிறுவனக் கணக்கில் வரவில்லை' என்றால் பொருந்தாது. அங்கே 'எங்கள்'.

'தாங்கள்' என்று எழுதினால்தானே மரியாதை? 'நீங்கள்' குறைவாகத் தோன்றுகிறதே.

'நீங்கள்' மரியாதைச் சொல்தான். இன்றைய வணிகக் கடிதத்துக்கு அது போதும். 'தாங்கள்' ஒரு படி மேலே, விழா அழைப்பிதழிலும் உயர் பதவியில் இருப்பவருக்கு எழுதும் கடிதத்திலும் இடம் பிடித்திருக்கிறது. ஆங்கில மெயில் 'டியர்' என்று பெயர் சொல்லி அழைத்துச் சரளமாக எழுதியிருக்கும்போது, தமிழில் 'தாங்கள்' போட்டுப் 'பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தால் பணிவின் அளவு கூடிவிடுகிறது. அது மனு எழுதும் குரல். பணம் வர வேண்டியவர் மனு கொடுப்பவர் போல நிற்கக் கூடாது. மரியாதையைக் காப்பாற்றுவது என்றால் கூடாமலும் பார்ப்பதுதான்.

'தங்கள்' என்பதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. அது 'உங்கள்' என்றும் பொருள் தரும், 'அவரவருடைய' என்றும் பொருள் தரும். 'டீலர்கள் தங்கள் கணக்கைச் சரிபார்த்து வருகிறார்கள்' என்றால் யாருடைய கணக்கு? படிப்பவருடையதா, டீலர்களுடையதா? பண விஷயத்தில் இந்த இரட்டை அர்த்தம் ஆபத்து. வாடிக்கையாளர் வயதில் மூத்தவர், பழைய முறையில் எழுதுபவர் என்றால் 'தாங்கள்' வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வரியில் 'தாங்கள்', மூன்றாம் வரியில் 'உங்கள்' என்று கலக்காதீர்கள்.

'டியர் செல்வம்' என்பதற்கு 'அன்புள்ள செல்வம்' சரியா?

'அன்புள்ள' நண்பருக்கும் உறவினருக்கும். 'மதிப்பிற்குரிய செல்வம் அவர்களுக்கு' என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் வெறும் பெயர் சொல்லி அழைப்பது இன்றைய அலுவலக வழக்கம், அதில் அவமரியாதை இல்லை. தமிழில் 'அவர்கள்' இல்லாத பெயர் வாக்கியத்தில் மொட்டையாக நிற்கும். பெறுபவர் பெண் என்றால் 'திருமதி', 'செல்வி' குழப்பம் வேண்டாம், பெயரோடு 'அவர்களுக்கு' போட்டாலே முழுமை. பல டீலர்களுக்குப் பெயரில்லாமல் போகும் மெயில் என்றால் 'அன்புடையீர், வணக்கம்' நன்றாகப் பொருந்தும்.

சிஸ்டத்தில் இருந்து பெயரை எடுத்துப் போடுகிறார்கள் என்றால் முன்னெழுத்தைப் பாருங்கள். நம் பெயர்களில் முன்னெழுத்து முதலில் வருவதால், 'முதல் பெயர்' என்ற கட்டத்தில் 'ரா' மட்டும் உட்கார்ந்து 'மதிப்பிற்குரிய ரா அவர்களுக்கு' என்று போய்ச் சேர்ந்த மெயில்களை நான் பார்த்திருக்கிறேன்.

சில சொற்கள் சரியான மொழிபெயர்ப்பாகவே இருக்கின்றன. ஆனாலும் கோபம் வருகிறது என்கிறார்கள். எந்தச் சொற்களில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் 'கடன்'. இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'அவுட்ஸ்டாண்டிங் ட்யூஸ்' என்பதைக் 'கடன் பாக்கி' என்று எழுதி அனுப்பினேன். அகராதிப்படி தவறில்லை. மறுநாள் ஒரு பெரியவர் போன் செய்தார். குரலை உயர்த்தவில்லை. 'முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன் தம்பி, என்னைய இதுவரைக்கும் ஒருத்தரும் கடன்காரன்னு எழுதினதில்ல' என்றார். பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டார். அடுத்த ஆர்டர் வர நாலு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் எந்த நினைவூட்டலிலும் எழுதியதில்லை. 'நிலுவைத் தொகை' என்பதில் ஆள் மேல் கறை படாது. 'பாக்கி' பேச்சில் இயல்பானதுதான், ஆனால் எழுத்தில் வரும்போது கொஞ்சம் கறார் கூடுகிறது.

அடுத்தது 'கெடு'. 'ட்யூ டேட்' என்பதற்கு இதை எழுதுகிறார்கள். 'கெடு விதித்தார்கள்' என்று நாம் எப்போது சொல்கிறோம்? போராட்டத்தில், மிரட்டலில். 'செலுத்துவதற்கான கடைசி நாள்' என்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை.

'கைண்ட்லி இக்னோர்' என்பதைப் 'புறக்கணிக்கவும்' என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. தேர்தலைப் புறக்கணிப்பார்கள், கூட்டத்தைப் புறக்கணிப்பார்கள். அதில் எதிர்ப்பு இருக்கிறது. 'இந்த மின்னஞ்சலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை' என்றால் அந்த வரியின் உண்மையான வேலை நடக்கும்: நீங்கள் கட்டியிருந்தால் தவறு எங்கள் பக்கம்.

'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்' எதையும் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. 'நகலை இத்துடன் இணைத்துள்ளேன்', அவ்வளவுதான்.

'அட் யுவர் ஏர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்' மட்டும் வேறு மாதிரித் தவறு. அதை 'உங்கள் வசதிப்படி' என்று எழுதினால் பணிவு அளவுக்கு மேல் போய், அவசரமே காணாமல் போகும். ஆங்கிலத்தில் அந்தத் தொடருக்கு 'சீக்கிரம்' என்றுதான் பொருள். 'இயன்ற விரைவில்' என்று எழுதுங்கள். முடிந்தால் அனுப்பியவரிடம் ஒரு தேதி கேட்டு வாங்குங்கள்.

'இன்வாய்ஸ்' என்பதற்கு 'விலைப்பட்டியல்' என்று எழுதினால் பல கடைகளில் அதை விலை விவரப் பட்டியல் என்று எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரரிடம் இருப்பது 'பில்'. 'பில்' என்றே எழுதுங்கள்.

ஒரு ஆங்கில வாக்கியம் மூன்று வரி போகிறது. தமிழில் எழுதினால் தலையும் வாலும் புரியவில்லை.

நம் எடுத்துக்காட்டில் வேண்டுகோளும் நிபந்தனையும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. அதை அப்படியே மாற்றினால் இப்படி வரும்: 'கணக்கு நிலுவையில் இருக்கும் காலத்தில் புதிய ஆர்டர்களைச் செயல்படுத்த எங்களால் இயலாது என்பதால் ஜூன் 25-க்குள் நீங்கள் பணம் செலுத்துவதை ஏற்பாடு செய்ய முடிந்தால் அதை நாங்கள் பாராட்டுவோம்.' தமிழில் வினை கடைசியில் வருவதால், படிப்பவர் இத்தனை சொற்களையும் கையில் ஏந்திக்கொண்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாக உடைத்துவிடுங்கள். காரணம் ஒரு வாக்கியம், வேண்டுகோள் அடுத்த வாக்கியம், நடுவில் ஓர் 'அதனால்'. ஆங்கிலத்தில் வேண்டுகோள் முன்னால், காரணம் பின்னால். தமிழில் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேட்பது இயல்பு. கல்யாணத்துக்குப் பணம் புரட்டப் போகிறவரும் நிலைமையைச் சொல்லிவிட்டுத்தான் தொகையைச் சொல்வார். இந்த வரிசையே பாதி பணிவு. ஆனால் அவசரமாகப் பார்ப்பவருக்கும் விஷயம் தெரிய வேண்டும், அதற்குத் தலைப்பு வரி இருக்கிறது. பில் எண், தொகை, தேதி மூன்றையும் அங்கே வைத்துவிடுங்கள்.

முழு மெயிலும் எப்படி வரும்?

> பொருள்: பில் எண் 1147 – ரூ.1,84,600 – ஜூன் 25-க்குள் செலுத்துவது குறித்து
>
> மதிப்பிற்குரிய செல்வம் அவர்களுக்கு,
>
> வணக்கம்.
>
> மே 11 அன்று அனுப்பிய சரக்குக்கான பில் எண் 1147 குறித்து எழுதுகிறேன். பில் தொகை ரூ.1,84,600. செலுத்துவதற்கான கடைசி நாள் ஜூன் 10. இந்தத் தொகை எங்கள் கணக்கில் இன்னும் வந்து சேரவில்லை என்று தெரிகிறது. பில்லின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> முந்தைய பில் நிலுவையில் இருக்கும்போது புதிய ஆர்டர்களை எடுக்க இயலாத நிலை உள்ளது. அதனால் ஜூன் 25-க்குள் தொகை கிடைக்க ஏற்பாடு செய்தால் உதவியாக இருக்கும்.
>
> ஏற்கெனவே செலுத்தியிருந்தால் இந்த மின்னஞ்சலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஏதேனும் சந்தேகம் இருந்தால் தயங்காமல் அழையுங்கள். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.
>
> நன்றி.
>
> அன்புடன்,

'உங்கள்' ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது, அதுவும் பதிலைக் கேட்கும் இடத்தில். 'தயவுசெய்து' இல்லை. 'இயலாத நிலை உள்ளது' என்பதில் மறுப்பவர் யார் என்று வெளியே தெரியவில்லை, ஆனால் மறுப்பு தெளிவாக இருக்கிறது. 'மே 11 அன்று அனுப்பிய சரக்கு' மட்டும் மூலத்தில் இல்லாதது. அதைப் பில்லில் பார்த்து, அனுப்புபவரிடம் சொல்லிவிட்டுச் சேர்த்தேன். கடைக்காரர் பில் எண்ணை நினைவில் வைத்திருக்க மாட்டார், எந்த லோடு என்பதை வைத்திருப்பார். 'பணம் கட்டியிருந்தால் ரசீது அனுப்புங்கள்' என்று சேர்க்கவும் கை வரும். அது புதிய கோரிக்கை, மொழிபெயர்ப்பவர் தானாகச் சேர்க்கக் கூடாது.

'எதிர்பார்க்கிறோம்' என்று எழுதாததற்கும் காரணம் உண்டு. 'உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்' தவறில்லை, ஆனால் பண விஷயத்தில் அது கொஞ்சம் கேட்டு நிற்கிற தொனி. இரண்டாவது நினைவூட்டலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 25-ம் போய்விட்டது. இரண்டாவது மெயில் ஆங்கிலத்தில் கண்டிப்பாக வந்திருக்கிறது. தமிழில் எப்படிக் கண்டிப்பைக் காட்டுவது?

மரியாதைச் சொற்களைக் குறைத்துக் கண்டிப்பைக் காட்டாதீர்கள். 'மதிப்பிற்குரிய', 'வணக்கம்', 'நன்றி' மூன்றும் அப்படியே இருக்கட்டும். மாற வேண்டியது வினை முடிவும் தகவலின் துல்லியமும். 'ஏற்பாடு செய்தால் உதவியாக இருக்கும்' என்ற இடத்தில் 'ஜூலை 5-க்குள் முழுத் தொகையையும் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்'. 'இயலாத நிலை உள்ளது' என்ற இடத்தில் 'அதுவரை புதிய ஆர்டர்களை அனுப்ப மாட்டோம்'. முதல் மெயிலில் மறைந்திருந்த ஆள் இப்போது வெளியே வந்து நிற்கிறார். தமிழில் இதுவே போதுமான கண்டிப்பு. முந்தைய நினைவூட்டலின் தேதியையும் குறிப்பிடுங்கள்.

சில மொழிபெயர்ப்பாளர்கள் கண்டிப்பான ஆங்கிலத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டுத் தமிழில் மென்மையாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கடைக்காரர் இன்னும் அவகாசம் இருக்கிறது என்று நினைப்பார், பிறகு சரக்கு நிற்கும்போது அவருக்குத்தான் அதிர்ச்சி. வட்டி, சட்ட நடவடிக்கை பற்றிய வரிகள் வந்தால் நடை பார்க்க வேண்டாம். நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒப்புக்கொண்ட தமிழ் வாசகம் இருக்கிறதா என்று கேட்டு அதையே போடுங்கள்.

இலங்கையில் இருக்கும் வாடிக்கையாளருக்கும் இதையே அனுப்பலாமா?

வினை முடிவுகளும் 'நாம்', 'நாங்கள்' வேறுபாடும் அங்கேயும் அப்படியே பொருந்தும். சொற்கள் மாறும். அங்கே 'பேமெண்ட்' என்பதற்குக் 'கொடுப்பனவு' என்று இயல்பாக எழுதுவார்கள், தமிழ்நாட்டுக் கடைக்காரருக்கு அது புதிய சொல். அங்கே வேலை பார்க்கும் ஒருவரைப் படிக்கச் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று அனுப்பும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

ஆங்கில மெயிலை மூடிவிட்டு, தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். போனில் இந்த மனிதரிடம் இதைச் சொல்ல வாய் கூசும் இடத்தில் தொனி தவறு.

பிறகு ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவரே போதும். 'நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'எழுதினவர் கோபமா இருக்காரா? எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள்ள? கட்டலைன்னா என்ன ஆகும்?' என்று கேளுங்கள். கோபமில்லை என்று சொல்லி, மற்ற இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் மெயில் தயார். 'கோபம் இல்ல, ஆனா ரொம்ப கெஞ்சுறாங்க' என்று பதில் வந்தால், எங்கோ ஒரு 'தயவுசெய்து' மிச்சமிருக்கிறது.

கடைசியாக ஆங்கில மெயிலை மறுபடி திறந்து எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். பில் எண், தொகை, இரண்டு தேதிகள். தேதி 10/06 என்று எண்ணில் இருந்தால் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிடுங்கள். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்று இருந்தால் எந்த வெள்ளி என்று அனுப்பியவரிடம் கேட்டு, 'அடுத்த வெள்ளி' என்று எழுதாமல் தேதியோடு எழுதுங்கள்.